பம்பு ஆடவில்லை, கிராஃப் ஆடுகிறது: சாம்பிளிங் ரேட், ஏலியாசிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து ஆலைகளில் மோட்டார், பம்பு, கியர்பாக்ஸ் ஆகியவற்றின் அதிர்வை அளந்து சொல்வது என் வேலை. ஆலையில் மெயின்டனன்ஸ் பார்ப்பவர்களும் புராஜெக்ட் செய்யும் கல்லூரிப் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே ஒரு பம்பை வைத்தே பதில் சொல்கிறேன். ஏலியாசிங் என்றால் என்னவென்று எனக்கு உறைக்க வைத்தது அந்தப் பம்புதான்.

“ஏலியாசிங்னா என்னண்ணா? புத்தகத்துல படிச்சேன், மண்டையில ஏறல.”

வியாசர்பாடியில் ஏதாவது ஒரு லேத்து பட்டறைக்குப் போங்கள். பழைய சோக் வைத்த டியூப் லைட் எரிகிற பட்டறையாக இருக்க வேண்டும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் அது இரண்டு முறை உச்சத்துக்குப் போவதால், அந்த லைட் வினாடிக்கு 100 முறை பளிச்சிட்டு மங்கும். கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் நடந்துகொண்டேதான் இருக்கும்.

லேத்தில் மூன்று ஜா உள்ள சக் மாட்டி, 2000 ஆர்பிஎம்மில் ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வினாடிக்கு 33.3 சுற்று. ஒரு பளிச்சுக்கும் அடுத்த பளிச்சுக்கும் இடையே சக் சரியாக மூன்றில் ஒரு பங்கு சுற்றுகிறது. முதல் ஜா இருந்த இடத்தில் இப்போது அடுத்த ஜா நிற்கிறது. மூன்றும் ஒரே மாதிரி இருப்பதால் சக் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். வேகம் 1980 ஆர்பிஎம்முக்கு இறங்கினால் ஒவ்வொரு பளிச்சிலும் ஜா கொஞ்சம் பின்தங்கிவிடும். அப்போது சக் மெதுவாகப் பின்பக்கம் சுற்றுவதுபோலத் தெரியும், மூன்று வினாடிக்கு ஒரு சுற்று. ஓடும் சக்கை நிற்கிறது என்று நினைத்துக் கை வைத்துவிடக் கூடாதே என்றுதான், விவரம் தெரிந்த பட்டறைக்காரர்கள் பக்கத்துப் பக்கத்து லைட்டுகளை வேறு வேறு ஃபேஸில் போடுவார்கள்.

சென்சாரின் சிக்னலைப் பதிவு செய்யும் உங்கள் டேட்டா கார்டு சீரான இடைவெளியில் எடுக்கும் ஒவ்வொரு சாம்பிளும் அந்த லைட்டின் ஒரு பளிச்சுதான். இரண்டு சாம்பிளுக்கு நடுவில் என்ன நடந்தது என்று கார்டுக்குத் தெரியாது. வேகமாக ஆடும் ஒன்று, மெதுவாக ஆடும் வேறொன்றின் வேஷத்தில் பதிவாகிவிடுகிறது. இதற்குப் பெயர்தான் ஏலியாசிங்.

“ரெண்டு மடங்கு வேகத்துல எடுத்தா போதும்னு வாத்தியார் சொன்னாரு. சரிதானே?”

சரிதான், ஆனால் எதற்கு இரண்டு மடங்கு என்பதில்தான் பலரும் தவறுகிறோம். நீங்கள் பார்க்க விரும்பும் அதிர்வெண்ணுக்கு இரண்டு மடங்கு எடுத்தால் போதாது. சென்சாரிலிருந்து வரும் சிக்னலுக்குள் இருக்கிற மிக உயர்ந்த அதிர்வெண்ணுக்கு இரண்டு மடங்குக்கு மேல் எடுக்க வேண்டும். “எனக்கு 100 ஹெர்ட்ஸ் வரைக்கும் போதும் சார், அதனால 250 போதும்” என்பார்கள். உங்களுக்கு எது போதும் என்பது மெஷினுக்குத் தெரியாது. கியர் பற்கள் மோதுவது, பேரிங்கில் விழுந்த சின்னக் குழி தட்டுவது எல்லாம் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் கிடக்கின்றன. போதாததற்கு, சென்சாருக்கே ஓர் ஒத்ததிர்வு உண்டு. ஸ்டட் போட்டு இறுக்கிய சாதாரண ஆக்சலரோமீட்டரில் அது 20, 30 ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கும். காந்தத்தில் ஒட்ட வைத்தால் சில ஆயிரத்துக்கு இறங்கிவிடும். பேரிங்கில் விழும் ஒவ்வொரு தட்டும் அந்த ஒத்ததிர்வை மணி அடித்த மாதிரி எழுப்பும். இத்தனையும் உங்கள் 250 சாம்பிளுக்குள் மடிந்து வந்து உட்காரும்.

ஆகவே முதலில் ஒரு ஃபில்டர் வைத்து உயர்ந்ததை வெட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் சாம்பிள். எந்த ஃபில்டரும் கத்தியால் வெட்டியதுபோல ஒரே இடத்தில் நிறுத்தாது. சரிவாகத்தான் இறங்கும். அந்தச் சரிவுக்கு இடம் விடத்தான் அதிர்வுக் கருவிகளில் 2.56 மடங்கு என்ற வழக்கம் இருக்கிறது. 1000 ஹெர்ட்ஸ் வரை பார்க்க வேண்டும் என்றால் வினாடிக்கு 2560 சாம்பிள். அப்போது உங்கள் 0 முதல் 1000 வரையிலான பகுதிக்குள் மடிந்து வரக்கூடியது 1560 ஹெர்ட்ஸிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1000க்கும் 1560க்கும் நடுவில் ஃபில்டர் இறங்கி முடித்துவிட்டால் போதும். 2.56 என்ற அந்த விசித்திரமான எண்ணுக்கு இன்னொரு வசதியும் உண்டு. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் கிராஃப்தான் ஸ்பெக்ட்ரம்; 400 கோடுகள் கொண்ட ஸ்பெக்ட்ரத்துக்கு 1024 சாம்பிள் வருகிறது. சாம்பிள்களிலிருந்து ஸ்பெக்ட்ரத்தை எடுக்கும் எஃப்எஃப்டி கணக்குக்கு இரண்டின் அடுக்கு எண்கள் தோதானவை.

“அந்த மணலி பம்பு கதை என்ன? முழுசா சொல்லுங்க.”

கழிவுச் சேறு தள்ளுகிற பம்பு அது. நாலு போல் மோட்டார், நடுவில் ஒரே கட்ட கியர்பாக்ஸ், அந்தப் பக்கம் பம்பு. மோட்டார் 1488 ஆர்பிஎம், அதாவது 24.8 ஹெர்ட்ஸ். மோட்டார் பக்கத்துக் கியரில் 41 பல், பம்பு பக்கத்துக் கியரில் 61 பல். பம்பு ஷாஃப்ட் 1000 ஆர்பிஎம்முக்கு வருகிறது, 16.67 ஹெர்ட்ஸ்.

அந்தப் பம்பில் ஒரு டேட்டா லாகரைப் பொருத்தி, சாம்பிளிங் ரேட்டை 1000 என்று வைத்தவன் நான்தான். பேலன்ஸ், அலைன்மென்ட் சிக்கல்கள் எல்லாம் 100 ஹெர்ட்ஸுக்குள் வந்துவிடும், 1000 தாராளம் என்று நினைத்தேன். கார்டில் ஃபில்டர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. 2048 சாம்பிளுக்கு ஓர் எஃப்எஃப்டி, அதாவது கோட்டுக்குக் கோடு கிட்டத்தட்ட அரை ஹெர்ட்ஸ்.

ஸ்பெக்ட்ரத்தில் 16.6 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு முனை ஈட்டி மாதிரி நின்றது. சென்சார் தரும் முடுக்கத்தை அதிர்வின் வேகமாக மாற்றிப் பார்த்தால் 6.6 மிமீ/வினாடி ஆர்எம்எஸ். பம்பு ஷாஃப்ட்டின் சுற்றுவேகமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு மெஷின் பேச முடியாது என்று தோன்றியது. இம்பெல்லர் பேலன்ஸ் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தேன். பம்பை நிறுத்தி, இம்பெல்லரைக் கழற்றி, பேலன்ஸ் செய்யக் கொடுத்து வாங்கி மாட்டினார்கள். இரண்டு நாள் போயிற்று. திரும்ப ஓட்டினால் முனை அப்படியே நிற்கிறது. ஒரு முடி அளவுகூடக் குறையவில்லை.

அங்கே வேலை பார்க்கும் மூத்த ஆப்பரேட்டர் ஒருவர் பம்பின் பேரிங் வீட்டின் மேல் கையை வைத்தார். “தம்பி, கை வெச்சுப் பாரு. ஒண்ணுமே இல்லியே” என்றார். வைத்துப் பார்த்தேன். லேசான கிர்ர் என்ற உணர்வு மட்டும்தான். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தினார். அது நின்றது.

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 16.6 ஹெர்ட்ஸில் 6.6 மிமீ/வினாடி ஆர்எம்எஸ் என்றால், அந்த வீடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு 0.18 மிமீ போய் வர வேண்டும், வினாடிக்குப் பதினேழு முறை. கையில் அது குலுங்கும். நாணயம் நிற்கவே நிற்காது. அப்படியானால் மெஷின் சொல்வது ஒன்று, என் கிராஃப் சொல்வது வேறு.

அப்புறம்தான் கியர் பல்லை எண்ணிப் பார்த்தேன். 41 பல் × 24.8 = 1016.8 ஹெர்ட்ஸ். கியர் பற்கள் மோதும் அதிர்வெண் இது, எந்த நல்ல கியர்பாக்ஸிலும் கொஞ்சம் இருக்கும். என் சாம்பிளிங் 1000. மடிந்து வரும் இடம் 1016.8 − 1000 = 16.8. பம்பு ஷாஃப்ட் 16.67. இரண்டும் என் ஸ்பெக்ட்ரத்தில் ஒரே கோட்டில் விழுகின்றன.

“சின்ன கியர் சத்தம் எப்படி 6.6 மிமீ ஆச்சு?”

பலர் கவனிக்காமல் விடும் இடம் இது.

சென்சார் தருவது முடுக்கம். அதை வேகமாக மாற்ற, முடுக்கத்தை 2π × அதிர்வெண்ணால் வகுக்கிறோம். அந்தக் கியர் மோதலின் அளவு உச்சத்தில் வெறும் 0.1 ஜி. அதன் உண்மையான அதிர்வெண் 1016.8 என்பதால், உண்மையான வேகம் உச்சத்தில் 0.15 மிமீ/வினாடி, ஆர்எம்எஸ் கணக்கில் 0.11. யாரும் கவலைப்பட வேண்டாத அளவு.

ஆனால் சாஃப்ட்வேருக்கு அது 16.8 ஹெர்ட்ஸாகத் தெரிகிறது. அதே 0.1 ஜியை 16.8 என்று நினைத்து வகுத்தால் உச்சத்தில் 9.3 மிமீ/வினாடி, ஆர்எம்எஸ் 6.6. பொய் அதிர்வெண் உண்மையானதைவிட அறுபது மடங்கு கீழே விழுந்ததால், வேகமும் அறுபது மடங்கு பெருகிவிட்டது. இடப்பெயர்ச்சியாக மாற்ற இன்னொரு முறை வகுத்தால் அறுபதின் மேல் அறுபது. முடுக்கமாகவே பார்த்திருந்தால், 0.1 ஜி முனையைப் பார்த்து யாரும் பம்பைக் கழற்றியிருக்க மாட்டார்கள். அதனால், வேகத்திலோ இடப்பெயர்ச்சியிலோ குறைந்த அதிர்வெண்ணில் திடீரென்று பெரிய முனை வந்தால் முதலில் முடுக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

“உண்மை முனையா பொய் முனையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

அந்தப் பம்பில் நான் செய்த இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். டேக்கோமீட்டரைத் தவிர வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை.

முதலாவது, மெஷினின் வேகத்தைக் கொஞ்சம் மாற்றுவது. டெலிவரி வால்வை மூடி லோடைக் குறைத்தோம். மோட்டார் 1488லிருந்து 1494 ஆர்பிஎம்முக்கு ஏறியது. டேக்கோமீட்டரில் பம்பு ஷாஃப்ட் 1000லிருந்து 1004 ஆனது, அதாவது 16.67லிருந்து 16.74 ஹெர்ட்ஸ். முனை உண்மையில் ஷாஃப்ட்டுடையதாக இருந்தால் அது நகர்ந்ததே தெரியக் கூடாது. ஆனால் முனை 16.8லிருந்து 20.9க்கு ஓடிப்போனது. மோட்டார் 0.1 ஹெர்ட்ஸ் ஏறினால் கியர் மோதல் அதைப்போல 41 மடங்கு, 4.1 ஹெர்ட்ஸ் ஏறும். மடிந்து வந்த பொய்யும் அதே 4.1 ஹெர்ட்ஸ் நகரும். தன் வேகத்துக்குப் பொருந்தாத ஓட்டம் ஓடுகிற முனை, வேறொருவரின் முனை. சில சமயம் மெஷின் வேகம் ஏற ஏற முனை கீழே இறங்கும். சாம்பிளிங் 1100 ஆக இருந்திருந்தால் 1016.8 என்பது 83.2 ஆக மடிந்து, வேகம் ஏறினால் குறைந்திருக்கும். சக் பின்பக்கம் சுற்றியதுபோலத்தான் இதுவும்.

இரண்டாவது, சாம்பிளிங் ரேட்டை மாற்றுவது. மெஷினைத் தொட வேண்டாம். உண்மையான முனை இருந்த இடத்திலேயே இருக்கும், பொய் முனை இடம் மாறும். கணக்கு இவ்வளவுதான்:

```python
def alias(f, fs):
    r = f % fs
    return min(r, fs - r)

for fs in (1000, 1200, 800, 500):
    print(fs, round(alias(1016.8, fs), 1))
```

1000க்கு 16.8 வரும், 1200க்கு 183.2, 800க்கு 216.8. கடைசியில் இருக்கும் 500ஐக் கவனியுங்கள். அதிலும் 16.8தான் வரும். 1000த்தைப் பாதியாக்கி 500 வைத்துப் பார்த்து, “முனை நகரல, அதனால உண்மைதான்” என்று முடிவு கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். பழைய ரேட்டைப் பாதியாக்குவது, நாலில் ஒன்றாக்குவது என்று போகாமல், 1000லிருந்து 1130 என்கிற மாதிரி ஒட்டாத எண்ணாக வையுங்கள். இன்னொன்று, சில கார்டுகள் நீங்கள் கேட்ட ரேட்டைத் தராமல் தன்னால் முடிந்த பக்கத்து ரேட்டை எடுத்துக்கொள்ளும். உண்மையில் என்ன ரேட்டில் ஓடுகிறது என்று திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

நீண்ட நேரம் பதிவு செய்தால் பொய் போய்விடும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். 20 வினாடி பதிவு செய்தால் 16.67ஐயும் 16.8ஐயும் தனித்தனிக் கோடாகப் பிரிக்க முடியும், அது உதவிதான். ஆனால் அந்த 16.8 அங்கேயேதான் நிற்கும், இன்னும் கூர்மையாக.

“அளந்த பிறகு சாஃப்ட்வேர்ல ஃபில்டர் போட்டு எடுத்துடலாமே?”

முடியாது. சாம்பிள் எடுத்த அந்த நொடியிலேயே 1016.8ம் 16.8ம் ஒரே எண்களாகிவிட்டன. ஒரு காகிதத்தில் இரண்டையும் வரைந்து, வினாடிக்கு 1000 புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று விழும். 16.8ஐ வெட்டுகிற ஃபில்டர் போட்டால் உண்மையிலேயே அங்கே இருக்கக்கூடிய ஷாஃப்ட் அதிர்வும் சேர்ந்து போகும். ஃபில்டர், சிக்னல் இன்னும் வோல்டேஜாக இருக்கும்போதே, வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

சாஃப்ட்வேரே புதிதாக ஏலியாசிங்கை உண்டாக்குவதும் உண்டு. வேகமாக எடுத்த டேட்டாவை ஃபைல் சின்னதாக வேண்டும் என்று பத்துக்கு ஒன்று பொறுக்கி எடுப்பார்கள். அது மறுபடி ஒரு சாம்பிளிங்தான்.

```python
from scipy.signal import decimate
y = decimate(x, 10, ftype="fir")   # ஃபில்டர் செய்து குறைக்கும்: சரி
z = x[::10]                        # வெறுமனே பொறுக்கும்: தவறு
```

“எங்க கார்டுல ஃபில்டர் இருக்கா இல்லையான்னே தெரியல. இல்லேன்னா புதுசு வாங்கவும் காசு இல்ல.”

இருக்கிறதா என்று போனை வைத்தே சோதிக்கலாம். டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றில் 1016.8 ஹெர்ட்ஸ் வையுங்கள். ஹெட்போன் கேபிளின் நுனியைச் சீவி, கார்டின் ஒரு சேனலில் கொடுங்கள். சாம்பிளிங்கை 1000 ஆக்குங்கள். ஸ்பெக்ட்ரத்தில் 16.8 பக்கம் முனை வந்தால் உங்கள் கார்டில் ஃபில்டர் இல்லை. எதுவுமே வராவிட்டால், போனின் டோனை 100 ஹெர்ட்ஸாக மாற்றி அது தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வயர் சரியாக இணையாமல் இருந்தாலும் ஒன்றும் வராது. பொதுவாக, அதிர்வுக்கென்றே வரும் டெல்டா-சிக்மா வகைக் கார்டுகளில் ஃபில்டர் உள்ளேயே இருக்கும், ரேட்டை மாற்றினால் அதுவும் கூடவே மாறும். விலை குறைந்த பொது உபயோகக் கார்டுகளில் பெரும்பாலும் இருக்காது.

இல்லாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. ரிச்சி தெருவில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வாங்குங்கள். சிக்னலை ரெசிஸ்டர் வழியாகக் கார்டுக்குக் கொண்டு போய், கார்டின் முனையிலிருந்து கிரவுண்டுக்குக் கெபாசிட்டரைப் போடுங்கள். வெட்டும் இடம் 1/(2πRC), கிட்டத்தட்ட 1.6 கிலோஹெர்ட்ஸ்.

இதை மட்டும் போட்டுவிட்டு 1000 சாம்பிளில் எடுத்தால் பயன் இல்லை. 1016.8ல் இந்த ஃபில்டர் பதினைந்து சதவீதத்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் குறைக்காது. ரெசிஸ்டரை மாற்றி வெட்டும் இடத்தை 300 ஹெர்ட்ஸுக்கு இறக்கினாலும் நாலில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் இருக்கும். 6.6 என்பது 1.9 ஆகும், அவ்வளவுதான். ஒரே ஒரு ஆர்சி சரிவு அத்தனை மெதுவானது.

அதனால் ஃபில்டரின் பலவீனத்தைச் சாம்பிளிங் வேகத்தால் ஈடுகட்ட வேண்டும். கார்டு 50,000 சாம்பிள் எடுக்குமானால் அதிலேயே எடுங்கள். இப்போது உங்கள் 0 முதல் 1000 ஹெர்ட்ஸுக்குள் மடிந்து வர வேண்டும் என்றால் அது 49,000க்கு மேலே இருந்துதான் வர வேண்டும். அங்கே அந்தச் சின்ன ஆர்சி முப்பதில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். சென்சாரும் அவ்வளவு மேலே எதையும் பெரிதாகத் தராது. பிறகு சாஃப்ட்வேரில் ஒழுங்காக ஃபில்டர் செய்து 5000க்கு இறக்கிச் சேமியுங்கள். 1000 ஹெர்ட்ஸில் இந்த ஆர்சி உண்மையான அளவையும் 15 சதவீதம் குறைத்துக் காட்டும், அதைக் கணக்கில் திருத்திக்கொள்ள வேண்டும். 500க்குக் கீழே 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

“ADXL345 வெச்சு புராஜெக்ட் பண்றோம். அதுக்குள்ளயே ஃபில்டர் இருக்குன்னு போட்டிருக்கே?”

இருக்கிறது. அந்த ஆக்சலரோமீட்டர் சிப் எந்த ரேட்டில் டேட்டா தருகிறதோ, அதன் பாதிக்கு அதன் பட்டை அகலம் அடங்கியிருக்கும். சிக்கல் நீங்கள் படிக்கிற விதத்தில் வருகிறது. சிப்பை 800 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டு, லூப்பில் `delay(10)` போட்டு வினாடிக்கு 100 முறை படிக்கிறீர்கள். எட்டுக்கு ஏழை எறிகிறீர்கள், மேலே சொன்ன பத்துக்கு ஒன்று பொறுக்கும் கதைதான். சிப் 400 ஹெர்ட்ஸ் வரை உள்ளே விடுகிறது, நீங்களோ 50 வரைதான் பார்க்க முடியும். நடுவில் இருப்பதெல்லாம் மடிந்து வரும். மோட்டாரில் எப்போதும் இருக்கும் 100 ஹெர்ட்ஸ் மின்காந்த அதிர்வு நேராக 0 ஹெர்ட்ஸில் போய் உட்கார்ந்து, சென்சார் சாய்ந்திருப்பதுபோலக் காட்டும்.

வினாடிக்கு 100 படித்தால் சிப்பையும் 100ல் வையுங்கள். 800 வேண்டும் என்றால் சிப்பின் 32 இட ஃபிஃபோவில் சேரவிட்டு, கொத்துக் கொத்தாக எல்லாவற்றையும் எடுங்கள். அப்போது சாம்பிளுக்குச் சாம்பிள் இடைவெளியும் உங்கள் லூப்பின் தயவில் இல்லாமல் சிப்பின் கடிகாரப்படி சீராக இருக்கும்.

“கார்டுல ஒரு லட்சம் சாம்பிள்னு போட்டிருக்கு. எட்டு சேனலுக்கும் அதேதானா?”

பல கார்டுகளில் அது எல்லாச் சேனலுக்கும் சேர்த்து. எட்டு சேனல் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 12,500தான். அதோடு ஒரே ஏடிசி ஒவ்வொரு சேனலாகத் தாவிப் போவதால், சேனல்களுக்கு நடுவே சின்ன நேர வித்தியாசமும் வரும். இரண்டு பேரிங்குகளுக்கு இடையே ஃபேஸ் பார்க்கும்போது இது முக்கியம்.

“எங்க பிஎல்சி வினாடிக்கு ஒரு தடவைதான் படிக்குது. 4–20 மில்லிஆம்ப் அதிர்வு டிரான்ஸ்மிட்டர் மாட்டியிருக்கோம். அது தப்பா?”

தப்பில்லை. அந்த டிரான்ஸ்மிட்டர் உள்ளேயே ஆர்எம்எஸ் கணக்கிட்டு, மெதுவாக மாறும் ஒரே ஓர் எண்ணைத்தான் அனுப்புகிறது. பிஎல்சிக்கு அலை போகவே இல்லை. ஆனால் அந்த எண்களைக் கொண்டு எஃப்எஃப்டி போட முயலாதீர்கள்.

“விஎஃப்டி போட்ட மோட்டார்ல மட்டும் அடியில ஏதேதோ முனை வருது. பேரிங் போச்சா?”

பேரிங்கைக் கழற்றுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே சென்சாரை மெஷினிலிருந்து எடுத்து, கேபிள் அதே வழியில் கிடக்கும்படி விட்டுவிட்டு, ஒரு துணியில் சுற்றிக் காற்றில் தொங்கவிடுங்கள். முனை அப்படியே இருந்தால் அது அதிர்வே இல்லை, கேபிள் பிடித்த மின்சத்தம்.

மோட்டாரின் வேகத்தை மாற்றித் தரும் டிரைவான விஎஃப்டி தன் வோல்டேஜைச் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் வெட்டி வெட்டித்தான் அனுப்புகிறது. 4000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், 1000 சாம்பிளில் அது சரியாக 0வில் மடியும். அதன் இரு பக்கமும் மோட்டாருக்குப் போகும் அதிர்வெண்ணை ஒட்டிப் பக்க முனைகள் இருக்கும். டிரைவ் 42 ஹெர்ட்ஸில் ஓடினால் 4084ம் 3916ம். இரண்டுமே 84 ஹெர்ட்ஸில் வந்து விழும். டிரைவ் வேகத்தை மாற்றினால் இவையும் அழகாகக் கூடவே நகரும். அதனால் மெஷினின் வேகத்தை மாற்றிப் பார்க்கும் சோதனை இங்கே ஏமாற்றிவிடும், சாம்பிளிங் ரேட்டை மாற்றும் சோதனைதான் பிடித்துக் கொடுக்கும். 1130 சாம்பிளில் 4084 என்பது 436க்கும், 3916 என்பது 526க்கும் தெறித்துப் போகும்.

அப்படிப் போனால் சென்சார் கேபிளை மோட்டார் பவர் கேபிளின் டிரேயிலிருந்து வெளியே எடுங்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஏடிசிக்கு முன்னால் ஃபில்டர் வையுங்கள். இவை முடிந்த பிறகும், சென்சாரைத் திரும்ப மெஷினில் மாட்டினால் மட்டும் ஒரு முனை எழுந்து, ரேட்டை எப்படி மாற்றினாலும் நகராமல் நின்றால், அப்போது பேரிங்கைத் திறக்கச் சொல்லலாம்.